ஓட்டைப் பார்த்து ஏமாற வேண்டாம்: டர்பன் மழைக்காலப் படத்தில் இருப்பது எந்த ஆமை?

அக்டோபர் கடைசியில் நல்ல மழை ஒன்று பெய்தால் போதும், மறுநாள் காலை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஆமைப் படம் வந்துவிடும். சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டு வாசல், ஈரமான தார் ரோடு, நடுவில் சேறு பூசிய ஓடு ஒன்று. கீழே கேள்வி: "இதை எங்கே விடுவது?" அதற்கடுத்து ஒரு மாமா "ஆமை புகுந்த வீடு" என்று ஆரம்பிப்பார், அதை விட்டுவிடுவோம். கேள்வி நியாயமான கேள்வி. நில ஆமையைக் கொண்டுபோய்ச் செங்குத்தான கரையுள்ள குளத்தில் போட்டால் சற்று நேரம் மிதக்கும், பிறகு ஏற வழியில்லாமல் களைத்து மூழ்கும். குளத்து ஆமையைக் கொல்லைப்புறத்தில் வேலிக்குள் அடைத்து முட்டைக்கோஸ் போட்டால் பட்டினி கிடக்கும்.

தமிழில் எல்லாமே ஆமைதான். தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தில் நிலத்தில் வாழ்வது டார்ட்டாய்ஸ், ஆறு குளத்தில் வாழ்வது டெரபின், கடலில் வாழ்வது டர்ட்டில். அமெரிக்கர்கள் ஆறு குளத்தில் இருப்பதையும் டர்ட்டில் என்பார்கள். படத்தை இணையத்தில் போட்டுத் தேடினால் குழப்பம் இங்கிருந்தே தொடங்குகிறது. கடலாமையை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அதன் முன்கால் துடுப்பு போல நீண்டு தட்டையாக இருக்கும், தனித்தனி விரல் தெரியாது. வட நட்டால் கடற்கரையில் முட்டையிட வரும் லாகர்ஹெட்டும் லெதர்பேக்கும் அந்த வகை. வீட்டு வாசலுக்கு அவை வருவதில்லை. எனவே கேள்வி டார்ட்டாய்ஸா, டெரபினா என்பதுதான்.

பெரும்பாலானவர்கள் முதலில் பார்ப்பது இடத்தை. ரோட்டில் இருந்தால் நில ஆமை, தண்ணீரில் இருந்தால் நீர் ஆமை. அடுத்து ஓட்டின் உயரம். காலை யாரும் பார்ப்பதில்லை. நான் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறேன்: முதலில் கால், அடுத்து தலை, பிறகு ஓடு, கடைசியில் இடம். ஏன் என்பதற்கு என் தவறு ஒன்றே காரணம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் படி: பின்னங்காலைப் பாருங்கள்

படத்தைப் பெரிதாக்கி நேராகப் பின்னங்காலுக்குப் போங்கள். முன்னங்கால் கொஞ்சம் ஏமாற்றும், பின்னங்கால் அவ்வளவாக ஏமாற்றாது.

நில ஆமையின் பின்னங்கால் யானைக்கால்தான். மேலிருந்து கீழ்வரை ஒரே தடிமனில் உருளையாக வந்து தரையில் ஊன்றி நிற்கும். விரல் என்று பிரிந்து எதுவும் தெரியாது. தடித்த தோலின் ஓரத்தில் மொட்டையான நகங்கள் வரிசையாக ஒட்டியிருக்கும். இங்கே நாம் காணும் நில ஆமைகளில் பின்னங்காலில் பெரும்பாலும் நான்கு நகம் இருக்கும்.

டெரபினுக்குப் பின்னங்காலில் பாதம் என்று ஒன்று இருக்கிறது. அது விரிந்து தட்டையாக இருக்கும், விரல்கள் பிரிந்து தெரியும், அவற்றுக்கிடையே சவ்வு இருக்கும், நுனியில் கூர்மையான நீண்ட நகங்கள் இருக்கும். நம் நாட்டு டெரபின்களுக்குப் பின்னங்காலிலும் ஐந்து நகம். வாத்தின் கால் போல முழுச் சவ்வை எதிர்பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். தரையில் நடக்கும்போது விரல்கள் குவிந்து சவ்வு மடிந்துகொள்ளும், அதன்மேல் சேறும் இருந்தால் சவ்வே தெரியாது. அப்போது நகத்தைப் பாருங்கள். நீளமாக, மெல்லியதாக, கூராக இருந்தால் டெரபின்.

நிற்கும் விதமும் உதவும். நில ஆமை நடக்கும்போது கால்கள் உடலுக்கு நேர் கீழே வரும், வயிற்றுக்கும் தரைக்கும் இடையே வெளிச்சம் தெரியும். டெரபின் கால்களைப் பக்கவாட்டில் பரப்பி வைத்துக்கொண்டு தாழ்வாக நகரும்.

முன்னங்கால் மட்டுமே தெரிகிற படமா? சரி, அதன் முன்புறத் தோலைப் பாருங்கள். நில ஆமைக்கு அங்கே பெரிய தடித்த செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடு வேய்ந்தது போல அடுக்கியிருக்கும். தலையை உள்ளிழுத்ததும் இந்த இரண்டு கால்களையும் முன்னால் மடித்துக் கதவு போல மூடிக்கொள்ள அவை பயன்படுகின்றன. டெரபினின் தோல் தளர்ந்து மென்மையாக இருக்கும், செதில் இருந்தாலும் சிறியது.

இரண்டாம் படி: தலை எப்படி உள்ளே போகிறது?

கால் தெரியாத படங்கள்தான் நமக்கு அதிகம் வரும். பயந்த ஆமை எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். தென்னாப்பிரிக்காவில் இருப்பதால் இங்கே நமக்கு ஒரு வசதி உண்டு, தமிழ்நாட்டில் இது கிடையாது.

ஆப்பிரிக்காவின் இந்தப் பகுதியில் இயற்கையாக வாழும் டெரபின்கள் எல்லாம் பக்கக் கழுத்து வகை. நில ஆமை தலையை நேராகப் பின்னால் இழுத்துக்கொள்ளும், கழுத்து ஓட்டுக்குள் செங்குத்தாக எஸ் வடிவில் மடியும். நம் டெரபினுக்கு அப்படி இழுக்க முடியாது. தலையைத் தோள்பக்கம் திருப்பி, மேலோட்டின் விளிம்புக்குக் கீழே ஒருபுறமாகச் சாய்த்து வைத்துக்கொள்ளும். முன்பக்கத்திலிருந்து எடுத்த படத்தில் தலை ஒரு ஓரத்தில் ஒதுங்கி, கழுத்தின் தோல் குறுக்கே மடிந்து கிடப்பது தெரிந்தால் நில ஆமைக்கான வாய்ப்பு அத்தோடு போயிற்று. ஒரு கண் மட்டும் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும், கோபித்துக்கொண்டு முகம் திருப்பிய குழந்தை மாதிரி.

முகமும் வேறு. மார்ஷ் டெரபின் என்று இங்கே எங்கும் காணக்கூடிய ஆமைக்குத் தலை அகன்று தட்டையாக இருக்கும், கண்கள் மேலே பார்த்தபடி இருக்கும், வாய்க்கோடு சிரிப்பது போல வளைந்திருக்கும். தாடையின் கீழே இரண்டு சிறிய மீசைக் குமிழ்கள் தொங்கும். படம் தெளிவாக இருந்தால் அவையே போதும், நில ஆமைக்கு அப்படி எதுவும் கிடையாது.

பக்கக் கழுத்து விதிக்கு ஒரு விலக்கு உண்டு, அது வெளியூர்க்காரன். கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டையும் கழுத்தெல்லாம் மஞ்சள் கோடுகளும் உள்ள ரெட் இயர்ட் ஸ்லைடர், செல்லப்பிராணி வியாபாரத்தில் அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் போனது. அது நீர் ஆமைதான், ஆனால் தலையை நேராக இழுக்கும். நிறமே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அதைப் பிடித்தால் மறுபடி எந்தக் குளத்திலும் விடக்கூடாது, வனவிலங்குத் துறையிடம் கேளுங்கள்.

மூன்றாம் படி: இப்போது ஓடு

ஓட்டை மேலிருந்து எடுத்த படத்தில் உயரம் தெரியாது. நம்மில் பலர் நின்றபடியே போனை நீட்டி எடுத்துவிடுகிறோம், அந்தப் படத்தில் குன்று போன்ற ஓடும் தோசைக்கல் போன்ற ஓடும் ஒன்றுதான். மிக அருகில் வைத்து முன்னாலிருந்து எடுத்தால் இதற்கு நேர்மாறு நடக்கும், தட்டையான ஓடும் உப்பிப் பெரிதாகத் தெரியும். ஒரு மீட்டர் தள்ளி, போனைத் தரையோடு தாழ்த்தி, பக்கவாட்டில் எடுத்த படம்தான் ஓட்டின் வடிவத்துக்கு உதவும்.

அப்படி ஒரு படம் கிடைத்தால் திரையிலேயே விரலால் அளந்து பாருங்கள். லெப்பர்ட் டார்ட்டாய்ஸ் எனப்படும் சிறுத்தை ஆமைக்கு ஓட்டின் உயரம் நீளத்தில் பாதியைத் தொடும், கவிழ்த்த குண்டான் மாதிரி. மஞ்சள் கலந்த ஓட்டில் கறுப்புத் தெறிப்புகள் இருக்கும். வயதானால் அது மங்கிச் சாம்பல் நிறமாகும். நம் நாட்டு நில ஆமைகளில் பெரியது இதுதான், முழு வளர்ச்சியில் 10 கிலோவுக்கு மேலும் போகும். மார்ஷ் டெரபினின் உயரம் நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். ஓடு வழவழப்பாக, ஆலிவ் பழுப்பில், எந்தக் கோலமும் இல்லாமல் இருக்கும்.

இந்த இரண்டும் மட்டும் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியமில்லை. நடுவில் ஒருவன் இருக்கிறான். ஹின்ஜ்பேக் டார்ட்டாய்ஸ், கீல்முதுகு ஆமை என்று வைத்துக்கொள்வோம். முழுக்க முழுக்க நில ஆமைதான், ஆனால் ஓடு தாழ்வானது, நிறம் பழுப்பு, உடல் சிறியது. குவாசூலு நட்டாலின் புதர்க்காடுகளில் இருக்கிறது. நான் ஏமாந்தது இதனிடம்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு அக்கா படம் அனுப்பினார். தோட்டத்துச் சிறு தாமரைக்குளத்தின் ஓரம், நனைந்த பழுப்பு ஓடு, தட்டை. காலும் தலையும் உள்ளே. நான் யோசிக்காமல் "டெரபின்தான் அக்கா, தண்ணீரிலேயே விடுங்கள்" என்று எழுதிவிட்டேன். அவரும் விட்டார். அது துழாவித் துழாவிக் கரைக்கல்லில் தொற்றி ஏறி வெளியே வந்து நின்றது. அந்த இரண்டாவது படத்தில் யானைக்கால் பளிச்சென்று தெரிந்தது. மழையில் தண்ணீர் குடிக்க வந்த நில ஆமையை நான் குளத்தில் தள்ளச் சொல்லியிருக்கிறேன். கரையில் அந்தக் கல் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைப்பதுண்டு.

கீல்முதுகை ஓட்டை வைத்தே பிடிக்க ஒரு வழி இருக்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் முதுகு ஓரளவு சமமாக வந்து, பின்பாகத்தில் சட்டென்று செங்குத்தாக இறங்கும். அந்த இறக்கத்துக்கு முன்னால், மேலோட்டின் பின்பகுதியில் குறுக்கே ஒரு கோடு தெரியும். அதுதான் கீல். பயந்தால் ஓட்டின் பின்பக்கத்தைக் கீழே இறக்கிப் பின்னங்கால்களை மூடிக்கொள்ளும். குட்டிகளுக்கு இந்தக் கீல் இன்னும் உருவாகியிருக்காது, அதனால் சிறிய ஆமையில் கோடு இல்லை என்பதை வைத்து எதுவும் முடிவு செய்யக்கூடாது. மார்ஷ் டெரபினுக்கு எங்குமே கீல் கிடையாது.

ஆனால் "கீல் இருந்தால் நில ஆமை" என்று மனப்பாடம் செய்துவிடாதீர்கள். ஹின்ஜ்ட் டெரபின் என்று இன்னொரு கூட்டம் இருக்கிறது, பெயர்களைக் கேட்டாலே தலை சுற்றும். அவற்றின் கீல் அடியோட்டில், முன்பக்கம். அடியோட்டின் முன்பாகம் தாழ்ப்பாள் போட்ட கதவு மாதிரி மேலே தூக்கி மூடிக்கொள்ளும். முன்னாலிருந்து எடுத்த படத்தில் தலையும் தெரியாமல், கால் செதிலும் தெரியாமல், ஓட்டின் இரண்டு உதடுகள் மட்டும் ஒட்டியிருந்தால் அது இவர்தான். இவற்றில் பெரிய வகைக்கு மேலோட்டின் பின்விளிம்பு ரம்பப் பல்லாக இருக்கும். நிரந்தரமாக நீர் ஓடும் ஆறுகளில் வாழ்வது, க்ரூகர் பூங்காவில் மரக்கட்டையிலும் நீர்யானை முதுகிலும் வெயில் காய்கிற படங்களில் நீங்கள் பார்த்திருப்பது பெரும்பாலும் இதைத்தான்.

சுருக்கமாகச் சொன்னால், கீல் மேலே பின்பக்கம் என்றால் நிலம், கீழே முன்பக்கம் என்றால் நீர்.

நான்காம் படி: இடம், கடைசியாக

இடத்தை ஏன் கடைசியில் வைக்கிறேன் என்றால், மார்ஷ் டெரபின் ரோட்டில் நடக்கிற ஆமை. தற்காலிகக் குட்டைகளிலும் சதுப்பிலும் வாழ்வதால் குட்டை வற்றினால் மண்ணுக்குள் புதைந்து மழைக்குக் காத்திருக்கும், இல்லையென்றால் வேறு நீர் தேடி நடக்கும். மழை வந்ததும் நடமாட்டம் இன்னும் கூடும். மிளகாய்ப் பாத்தி கொத்தும்போது மண்ணிலிருந்து ஒரு ஆமை வந்தால் அதுவும் நீர் ஆமையாக இருக்கலாம், அருகில் சொட்டுத் தண்ணீர் இல்லாவிட்டாலும் கூட.

மறுபுறம், நில ஆமைகள் மழை நாளில் தேங்கிய நீரில் இறங்கிக் குடிக்கும். அதோடு, சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் போன்ற குடியிருப்புகளில் தெருவில் காணும் சிறுத்தை ஆமை யாரோ வளர்த்துத் தப்பியதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஓட்டின் ஒவ்வொரு தகடும் சின்னக் கோபுரம் போலப் புடைத்திருந்தால் வீட்டில் வளர்ந்தது என்று சந்தேகப்படலாம், சரியில்லாத தீனியிலும் வறண்ட சூழலிலும் வளரும் குட்டிகளுக்கு அப்படி ஆகும்.

படத்தில் வாளியோ பாத்ரூம் தொட்டியோ இருந்தால் அதை இடமாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது ஆமை போன இடம் இல்லை, நாம் கொண்டுபோய் வைத்த இடம்.

சென்ற மழையில் வந்த ஒரு படம்

மாமா ஒருவர் அனுப்பியது. சில்வர்க்ளென் காட்டை ஒட்டிய தெரு, மழை விட்ட காலை. முதல் படம் நின்றபடி மேலிருந்து எடுத்தது: ஓவல் வடிவப் பழுப்பு ஓடு, சேறு, பக்கத்தில் அவருடைய செருப்பு. செருப்பு இருந்தது நல்லதாகப் போயிற்று, ஓட்டின் நீளம் செருப்பைவிடச் சற்றுக் குறைவு, அதாவது 20 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. மாமாவின் முடிவு: "ரோட்டில் நடக்கிறது, நில ஆமை. கொல்லையில் விட்டிருக்கிறேன், கீரை போட்டேன், தின்ன மாட்டேன் என்கிறது."

இந்த அளவிலும் நிறத்திலும் மூன்று பேர் போட்டியில் இருக்கிறார்கள்: மார்ஷ் டெரபின், ஹின்ஜ்ட் டெரபின், கொஞ்சம் பெரிய கீல்முதுகு. சிறுத்தை ஆமையின் குட்டியாக இருந்தால் சேற்றினூடே மஞ்சளும் கறுப்பும் தெரியும், அதைத் தள்ளிவிட்டேன். கீரை தின்னாதது ஒரு துப்புதான், ஆனால் பயந்த எந்த ஆமையும் தின்னாது. கீல்முதுகு காளானும் நத்தையும் ஷொங்கொலோலோ என்கிற மரவட்டையும் தின்கிற ஆமை, கீரையை மட்டும் வைத்து அதையும் சோதிக்க முடியாது.

எனவே இரண்டு படம் கேட்டேன். "மாமா, திருப்பிப் போடாதீங்க, கையிலும் தூக்காதீங்க. தள்ளி உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசாம இருங்க. அது நடக்க ஆரம்பிச்சதும் போனைத் தரையில் வெச்சு பக்கத்திலிருந்து ஒண்ணு, பின்னாலிருந்து ஒண்ணு." தூக்க வேண்டாம் என்றதற்குக் காரணம் உண்டு. பயந்த நில ஆமை சேமித்து வைத்த நீரையெல்லாம் சிறுநீராக விட்டுவிடும், வறண்ட காலத்தில் அது பெரிய இழப்பு. மார்ஷ் டெரபினோ துர்நாற்றமடிக்கும் திரவத்தைப் பீய்ச்சும், நகத்தால் கீறும், நீண்ட கழுத்தைத் திருப்பிக் கடிக்கவும் பார்க்கும்.

பக்கவாட்டுப் படம் வந்தது. முதுகுக்கோடு முன்னாலிருந்து பின்வரை ஒரே மென்மையான வளைவு, பின்னால் சட்டென்ற இறக்கம் இல்லை, குறுக்குக் கோடும் இல்லை. கீல்முதுகு அநேகமாக இல்லை. பின்னாலிருந்து எடுத்த படத்தில் வலது பின்னங்கால் விரிந்து கிடந்தது. நகங்களை எண்ணினேன், ஐந்து, எல்லாம் கூர். நகங்களுக்கு நடுவே சேற்றுக்குள் மடிந்த தோல். நீர் ஆமை என்பது முடிவாகிவிட்டது.

எந்த டெரபின் என்பதற்கு முதல் படத்துக்கே திரும்பிப் போனேன். அதன் மேல் ஓரத்தில், முதலில் நான் கவனிக்காத இடத்தில், ஓட்டு விளிம்பின் கீழிருந்து தலை இடதுபக்கம் மடங்கித் தெரிந்தது. ஒரு கண், அகன்ற வாய். பயந்துபோயிருந்த அந்த நேரத்திலும் முன்கதவு மூடவில்லை, ஆகவே ஹின்ஜ்ட் டெரபின் ஆக வாய்ப்புக் குறைவு. பின்விளிம்பில் ரம்பமும் இல்லை. மார்ஷ் டெரபின் என்று எழுதினேன். மாமா ஒத்துக்கொள்ளவில்லை, தாடையில் மீசையைக் காட்டும் மூன்றாவது படத்தை அவரே எடுத்து அனுப்பிய பிறகுதான் அடங்கினார்.

கொல்லைக்கதவைத் திறந்து, அது முதலில் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ அதே திசையில், ரோட்டுக்கு அப்பால் புல்வெளியில் விடச் சொன்னேன். ஓடையில் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், எங்கே போகிறோம் என்று அதற்குத் தெரியும்.

படம் பதில் சொல்லாத போது

உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டி என்றால் ஓட்டின் உயரம், கீல், நிறம் எதையும் முழுதாக நம்ப முடியாது. கால் மட்டும்தான் அப்போதும் உதவும். வெற்று ஓடு மட்டும் கிடந்து படம் எடுத்திருந்தால் அடிப்பக்கத்தைத் திருப்பி எடுக்கச் சொல்லுங்கள், உயிரில்லாததால் தடையில்லை. நம் டெரபின்களின் அடியோட்டில் 13 தகடுகள் இருக்கும். கழுத்துப்பக்கம் நடுவில் கூடுதலாக ஒன்று செருகியிருக்கும். நில ஆமைக்கு அந்த நடுத்தகடு கிடையாது.

இரண்டாவது படமும் கிடைக்காமல், காலும் தலையும் தெரியாமல் இருந்தால் நான் இப்போதெல்லாம் ஒரே பதில்தான் எழுதுகிறேன்: தண்ணீரில் போடாதீர்கள், வீட்டுக்குள்ளும் கொண்டுபோகாதீர்கள், வாகனம் வராத பக்கம் அதன் திசையிலேயே தரையில் விடுங்கள். டெரபினாக இருந்தால் நடந்து தண்ணீரைக் கண்டுபிடித்துக்கொள்ளும். நில ஆமையாக இருந்தால் ஏற்கெனவே தரையில்தான் இருக்கிறது. அழகாக இருக்கிறதே என்று வைத்துக்கொள்ள ஆசைப்படுபவர்களுக்கு: இந்த மாகாணத்தில் நாட்டு ஆமைகளை வளர்க்க அனுமதிச் சீட்டு வேண்டும், குவாசூலு நட்டால் வனவிலங்கு அமைப்பான எசெம்வெலோவிடம்தான் கேட்க வேண்டும்.